துணைக்கு இருக்க முறை போடும்போது தவிர்க்க வேண்டியவை

போன வாரம் உறவினர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யார் எப்போது துணைக்கு இருப்பது என்று பிள்ளைகள் பட்டியல் போட்டிருந்தார்கள். ஒருவர் 8 மணிக்குக் கிளம்ப, அடுத்தவர் அதே 8 மணிக்கு வர வேண்டும். அப்பா படுத்திருந்தபோது நாங்கள் போட்டதும் இதே பட்டியல்தான். பார்த்ததும் மனசு பதறியது.

லிஃப்ட் வாசலில் கைமாற்றுவது

அன்று காலை 10 மணிக்கு அப்பாவுக்கு மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி. "நடுராத்திரிக்கு மேல எதுவும் கொடுக்காதீங்க" என்று நர்ஸ் தம்பியிடம் சொல்லியிருந்தார். காலை 7.30க்குச் சித்தி சாப்பாட்டுப் பையோடு வந்தார். தம்பி லிஃப்ட் வாசலிலேயே பாஸைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினான். நாக்கு வறளுது என்று அப்பா கேட்க, சித்தி அரை டம்ளர் பால் கொடுத்தார்.

மயக்கத்துக்கு முன்னால் பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி நேர இடைவெளி போதும், பாலுக்கு 6 மணி நேரம் வேண்டும். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். 9.30க்கு நர்ஸ் கேட்டபோது சித்தி மறைக்காமல் சொன்னார், அதனால் ஆபத்து வரவில்லை. ஆனால் பரிசோதனை மறுநாளைக்குப் போனது. அப்பா இன்னொரு ராத்திரி பட்டினி கிடந்தார். சித்தியைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த லிஃப்ட் வாசலை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அதன்பிறகு இரண்டு பேர் நேரமும் 20 நிமிடம் சேர்ந்து வருகிற மாதிரி மாற்றினோம். பேச்சு கட்டில் பக்கத்தில்தான். கடைசியாக என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, சிறுநீர் போனாரா, வலி மருந்து எப்போது கொடுத்தார்கள், அடுத்து என்ன பரிசோதனை. கிளம்புகிறவர் இதை நோட்டில் எழுதிவிட்டு வாயாலும் சொல்வார், வந்தவர் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லும்போதுதான் விட்டுப்போனது தெரிகிறது. ஒருவருக்குத்தான் பாஸ் என்றால் நோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, வந்தவர் கட்டிலருகே போனதும் போனில் பேசுங்கள். எதுவானாலும் நர்ஸிடம் கேட்காமல் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டாம்.

டாக்டர் ரவுண்ட்ஸ் நேரத்தில் ஆள் மாறுவது

மாறாதீர்கள்.

ராத்திரி விழித்தவரையே மருந்து வாங்க அனுப்புவது

நேராக வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். பில், மருந்துச் சீட்டு எல்லாம் பகலில் வந்தவர் வேலை.

துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்காதது

அக்கா இரண்டு நாள் கட்டில் ஓரத்திலேயே அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஆளில்லாமல் அப்பா எழுந்து விழுந்துவிடுவாரோ என்று பயம். மூன்றாம் நாள் பட்டியலில் "1 முதல் 1.45 வரை மாமா" என்று ஒரு வரி சேர்த்தோம். அன்றுதான் அவள் கீழே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.