டெலிப்ராம்ப்டர் வைத்தும் வாசிப்பது போலவே இருக்கிறதா? தவறு பெரும்பாலும் கண்ணில் இல்லை

பேச வேண்டியதைக் கேமராவுக்குப் பக்கத்தில் எழுத்தாக ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டரை வாங்கிய பலருக்கும் ஒரே புலம்பல்தான்: கேமராவைப் பார்த்துத்தான் பேசுகிறேன், ஆனாலும் பார்ப்பவர்கள் "எதையோ பார்த்துப் படிக்கிறீர்களே" என்கிறார்கள். உடனே லென்ஸை மாற்றுவது, ப்ராம்ப்டரின் கண்ணாடியை மாற்றுவது, வேறு செயலி தேடுவது என்று போய்விடுகிறோம். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எடுத்த வீடியோவைத் திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். அப்போதும் வாசிப்பது போலவே இருந்தால் குறை கண்ணில் இல்லை, எழுதி வைத்த வரியில் இருக்கிறது. தமிழில் பேசுகிறவர்களுக்குப் பத்துக்கு எட்டு முறை இதுதான் கதை என்பது என் அனுபவம்.

காரணம் எளிது. நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு. ப்ராம்ப்டரில் எழுத்துத் தமிழை ஏற்றிவிட்டு, பேசும்போது வாயிலேயே பேச்சுத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது முதல் தவறு. "இருக்கிறது" என்று கண் பார்க்க, வாய் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். இந்த மாற்றும் வேலை ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நடக்கிறது. முதல் நான்கு வரி சமாளித்துவிடுவோம், அப்புறம் மூளை களைத்துப்போய் "செய்ய வேண்டும்", "அவர்கள் கூறுகிறார்கள்" என்று செய்தி வாசிப்பு நடைக்குப் போய்விடும். நடுவில் நினைவு வந்து மறுபடி "பண்ணணும்" என்று இறங்கினால், ஒரே வீடியோவில் இரண்டு பேர் பேசுவது போல இருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். டெங்கு பற்றி ஒரு நிமிட வீடியோ. எழுத உட்கார்ந்தால் கை தானாக இப்படி எழுதும்:

"டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் தேங்கியுள்ள நல்ல நீரில் முட்டையிட்டுப் பெருகுவதால், வீட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி உலர வைப்பது அவசியமாகும்."

தாளில் இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இதை எந்த மனிதனும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்ல மாட்டான். ஒரே மூச்சில் மூன்று செய்தி, எல்லாம் கடைசி வினைச்சொல்லுக்காகக் காத்துக் கிடக்கின்றன. இதையே எழுதாமல், செல்போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லி, பிறகு கேட்டு எழுதினால் இப்படி வரும்:

"டெங்கு கொசு நல்ல தண்ணியைத்தான் தேடும்.
நீங்க ட்ரம்ல புடிச்சு வச்சிருக்கீங்கல்ல, அந்தத் தண்ணி.
முட்டை தண்ணிக்கு மேல, உள்பக்கச் சுவருல ஒட்டிக்கிட்டு இருக்கும்.
அதனால தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது.
தேய்க்கணும்.
வாரத்துக்கு ஒரு தடவை."

முக்கியமான செய்தி எதுவும் குறையவில்லை. ஏன் தேய்க்க வேண்டும் என்ற காரணம்கூட இதில்தான் வந்திருக்கிறது, ஏனென்றால் எதிரில் இருப்பவர் "கொட்டினாப் போதாதா?" என்று கேட்பார் என்பது பேசும்போது தானாகத் தோன்றும். ஸ்கிரிப்டைப் பேசிவிட்டு எழுதுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. பேச்சுத் தமிழில் எழுதுகிறேன் என்று காதில் விழுகிற எல்லாவற்றையும் எழுத்தில் பிடிக்கப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குப் பழக்கமில்லாத எழுத்துக்கோவை வந்தால் வாசிப்பு தட்டும். எனக்குக் கைகொடுக்கும் வழி இது: "தண்ணி" போலக் கண்ணுக்கு நன்றாகப் பழகிய சில சொற்கள் தவிர, பெயர்ச்சொல்லைப் புத்தகத்தில் இருப்பது போலவே விட்டுவிடுங்கள், வினைமுடிவையும் உருபையும் மட்டும் பேச்சுக்கு மாற்றுங்கள். "காய்ச்சல்", "முட்டை" எல்லாம் அப்படியே. "வருகிறது" மட்டும் "வருது". அப்புறம் ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துமுறை. ஓரிடத்தில் "சொல்றாங்க", இன்னோரிடத்தில் "சொல்லுறாங்க" என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் கண் ஒரு நொடி நிற்கும், அந்த ஒரு நொடி முகத்தில் தெரியும்.

எண்களும் இதே வகைதான். 1,25,000 என்று இருந்தால் கண் முதலில் சுழியத்தை எண்ணும். "ஒன்னேகால் லட்சம்" என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் அப்படியே எழுதி வையுங்கள்.

சரி, வரிகள் பேச்சாகிவிட்டன. அடுத்த தவறு வாக்கியத்தின் வாலில் நடக்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா, நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும். கண் ஓடியதும் குரல் இறங்கும், "கூடாது" பாதி விழுங்கப்படும். ப்ராம்ப்டர் இல்லாமல் கையில் குறிப்பு எழுதிய கார்டு வைத்துப் பேசுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம்: "இந்த மாத்திரையை வெறும் வயித்துல..." வரை நம்மைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "சாப்பிடக் கூடாது" என்பதைக் கையிலிருக்கும் அட்டையிடம் சொல்வார்கள். மேடையில் கவனித்துப் பாருங்கள், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எல்லா இடத்திலும் இதுதான் தெரியும்.

இதற்கு மருந்து, பேசாமல் பார்ப்பதும் பார்க்காமல் பேசுவதும். கார்டைப் பார்க்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள், தலையை நிமிர்த்துங்கள், ஆளைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள், வினைச்சொல் முடிந்த பிறகுதான் மறுபடி குனியுங்கள். நடுவில் வரும் அந்த மௌனம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும். கேட்பவர் அதை யோசிக்கிற இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்வார். ப்ராம்ப்டரில் இதையே செய்ய, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு வரி காலியாக விடுங்கள். காலி வரி நகர்ந்து முடியும்வரை அடுத்த சொல் இல்லை, ஆகவே கண்ணுக்கு ஓட இடமில்லை.

வரியை எங்கே உடைக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. செயலியிடம் விட்டால் அது இடம் தீர்ந்த இடத்தில் உடைக்கும். பெரிய எழுத்து வைத்தால் "எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" போன்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும், சில செயலிகள் சொல்லின் நடுவிலேயே வெட்டிவிடும். மூச்சு விடும் இடத்தில் நீங்களே என்டர் தட்டுங்கள். மேலே டெங்கு வரிகளை எழுதியது போல.

வேகத்துக்கு வருவோம். தொலைக்காட்சி நிலையத்தில் ப்ராம்ப்டரை ஓட்ட ஒரு ஆள் இருப்பார், பேசுபவர் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். வீட்டில் அந்த ஆள் இல்லாததால் எழுத்து ஒரே வேகத்தில் ஏறுகிறது, நாம் அதைத் துரத்துகிறோம். தட்டையான குரலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். செயலிகளில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வரும் அளவை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்பது சாதாரணப் பேச்சு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதே எண்ணை வைத்தால் மூச்சு முட்டும். நீங்கள் இயல்பாக ஒரு நிமிடம் பேசியதைப் பதிவு செய்து, அதில் எத்தனை சொல் என்று எண்ணி, அதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் ப்ளூடூத் ரிமோட்டோ காலால் அழுத்தும் பெடலோ வாங்கி, நிறுத்துவதும் ஓட்டுவதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். கேமராவுக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும், பயனோ அதைவிடப் பெரிது.

கண் விஷயம் இப்போது. செல்போனைக் கை எட்டும் தூரத்தில், சுமார் 40 செ.மீ.யில் வைத்து, லென்ஸிலிருந்து 6 செ.மீ. தள்ளி எழுத்து ஓடினால் பார்வை 8 டிகிரிக்கு மேல் விலகும். யார் பார்த்தாலும் தெரியும். அதே அமைப்பை 1.2 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் விலகல் 3 டிகிரிக்குள் வந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், அதனால் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும். அதுவும் நல்லதே, கண் இடவலமாக ஓடும் தூரம் குறைகிறது. லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரியில் கண்ணாடி வைக்கிற அசல் ப்ராம்ப்டரிலும் இந்தக் கணக்கு உண்டு. எழுத்து லென்ஸின் மேலேயே தெரிந்தாலும், 20 செ.மீ. அகலப் பத்தியை ஒரு மீட்டரில் நின்று படித்தால் கண் ஒரு வரிக்கு 11 டிகிரி ஓடும். தள்ளி நில்லுங்கள், பத்தியின் ஓரங்களை உள்ளே இழுங்கள்.

செல்போனைப் படுக்க வைத்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி வைத்தால் முன்பக்க லென்ஸ் ஒரு ஓரத்துக்குப் போய்விடும், எழுத்து அதன் பக்கவாட்டில் ஓடும். பார்வை சற்றுக் கீழே இறங்குவதை மனிதர்கள் மன்னித்துவிடுவார்கள், பக்கவாட்டில் விலகுவதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். ஆகவே எழுத்து லென்ஸுக்கு நேர் கீழே இருக்கட்டும்.

இதெல்லாம் சரியாகி, கடைசியில் இமைக்காமல் லென்ஸையே முறைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. யோசிக்கிற மனிதன் அவ்வப்போது வேறெங்கோ பார்ப்பான். ஆனால் "இங்கே இடது பக்கம் பார்" என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்து நடிக்க வேண்டாம், அது இன்னும் மோசமாகத் தெரியும். அதைவிட, எல்லாவற்றையும் ப்ராம்ப்டரில் ஏற்றாமல் விடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதிக்கு, சொந்த அனுபவம் சொல்லும் இடத்துக்கு, "ட்ரம் கதை" என்று இரண்டு சொல் போதும். அந்த இடத்தில் வாசிக்க எதுவும் இருக்காது, கண் தானாக அலையும், சொல் தேடும், அது இயல்பாகவே இருக்கும். பெயர், எண், அளவு, சட்டப் பிரிவு, முதல் வரி, கடைசி வரி: இவற்றை மட்டும் முழுதாக எழுதுங்கள்.

கார்டில் பேசுவோருக்கும் இதே அளவுதான். ஒரு அட்டையில் ஒரு விஷயம், அதிகம் போனால் ஐந்தாறு சொல், ஒரு பக்கம் மட்டும் எழுத்து, மூலையில் எண். முழுப் பத்தியை எழுதிக் கையில் வைத்தால் அதைப் படிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

1993 செப்டம்பரில் பில் கிளின்டன் அமெரிக்க காங்கிரஸில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிப் பேச ஏறியபோது, ப்ராம்ப்டரில் அவருடைய பழைய உரை ஓடிக்கொண்டிருந்தது. சரியான உரை வருவதற்குச் சில நிமிடம் ஆனது, அதுவரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நமக்கு அந்த அளவு தைரியம் வராது என்பதால், நேரலை என்றால் எண்ணிட்ட கார்டுகளை மேசையில் வைத்துவிட்டே ப்ராம்ப்டரை ஓட்டுங்கள். ஒருமுறை ஒத்திகையின்போது நண்பர் ஒருவரை இடையில் திரையை அணைக்கச் சொல்லி, அந்த அட்டைகளை மட்டும் வைத்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தடுக்கி நிற்கிற இடம் எதுவோ, அந்த அட்டையைத்தான் மறுபடி எழுத வேண்டும்.