மருதமுனைச் சாரன் ஒன்றின் கிரயத்தாள்: நூலிலிருந்து விற்பனை வரை

கல்முனைக்கு வடக்கே மருதமுனைப் பக்கம் போனால் கைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே பத்துத் தறி வைத்துச் சாரன் நெய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் ஒரு மாதக் கணக்கை எடுத்து, ஒரு சாரனுக்கு என்ன செலவாகிறது என்று படிப்படியாகக் காட்டும் கிரயத்தாளைத் தயாரிப்போம். தொகைகள் கணக்குக்காக நான் அமைத்தவை. அந்த மாதம் 600 சாரன் நெய்து முடிந்தது, 560 விற்றது. இந்த இரண்டு எண்களையும் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். பிறகு வரும் குழப்பத்தில் பாதி இவற்றை மாற்றிப் போடுவதால்தான் வருகிறது.

படி 1: முதன்மைக் கிரயம்

சாரனோடு நேரடியாக ஒட்டிய செலவு மட்டும் இங்கே வரும். முதலில் நூலும் சாயமும். மாதத் தொடக்கத்தில் கையில் 60,000 ரூபாவுக்கு இருந்தது. 420,000 ரூபாவுக்கு வாங்கினார்கள். அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த லொறிக் கூலி 12,000. மாத முடிவில் 72,000 ரூபாவுக்கு மிச்சம். அப்படியானால் பாவித்தது 420,000. வாங்கியதும் பாவித்ததும் ஒரே தொகையாக வந்தது இங்கே தற்செயல்தான், அதை விதியாக எடுக்க வேண்டாம். லொறிக் கூலியை ஏன் நூலோடு சேர்த்தோம்? நூல் தறிக்கு வந்து சேர ஆகும் செலவும் நூலின் விலைதான்.

அடுத்து நெசவாளர் கூலி. காசாகக் கொடுத்தது 345,000. மாதக் கடைசி நாட்களில் நெய்ததற்குக் கொடுக்க வேண்டியது இன்னும் 15,000 இருக்கிறது. கொடுக்கவில்லை என்பதற்காக அதை விட்டுவிடக்கூடாது. வேலை இந்த மாதம் நடந்தது, ஆகவே கூலி 360,000. கரைக்கு வடிவம் வரைந்தவருக்குச் சாரனுக்கு 20 ரூபா பேசியிருந்தார்கள், அது 12,000. சாரனோடு எண்ணிக்கையில் கூடிக் குறைவதால் அதுவும் நேர்ச் செலவு.

மூன்றையும் கூட்டினால் முதன்மைக் கிரயம் 792,000.

படி 2: தொழிற்சாலைக் கிரயம்

தறிக்கூடத்துக்குள் நடக்கும், ஆனால் எந்தச் சாரனுக்கு என்று சொல்ல முடியாத செலவுகள் இங்கே சேரும். இப்படி நேரடியாக ஒட்டாத செலவைத்தான் மேந்தலை என்பார்கள். மேற்பார்வையாளர் சம்பளம் 45,000, மின்சாரம் 14,000, தறி திருத்தம் 9,000, தறிகளின் பெறுமானத் தேய்வு 12,000.

வாடகையில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கட்டடம் முழுவதற்கும் 40,000. முன்பக்கக் கால்வாசி அலுவலகம், மற்றது தறிக்கூடம். தரைப் பரப்பின்படி பிரித்தால் 30,000 இங்கே வரும், 10,000 அடுத்த படிக்குப் போகும். முழுவதையும் ஒரே இடத்தில் போட்டாலும் இறுதி விற்பனைக் கிரயம் இங்கே மாறாது. ஆனால் தொழிற்சாலைக் கிரயம் பொய் சொல்லும்.

மொத்தம் 110,000. அறுந்த கழிவு நூலை விற்று 2,000 வந்தது, அதைக் கழித்து 108,000. முதன்மைக் கிரயத்தோடு கூட்டினால் 900,000.

இத்தோடு முடியவில்லை. மாதம் பிறந்தபோதே தறிகளில் அரைகுறையாகக் கிடந்த வேலை 24,000 பெறுமதி. மாத முடிவில் தறியில் நிற்பது 36,000. முந்தியதைக் கூட்டி, பிந்தியதைக் கழியுங்கள். தொழிற்சாலைக் கிரயம் 888,000, ஒரு சாரனுக்கு 1,480. பாதி நெய்த துணியில் நூலும் கூலியும் தறிக்கூடச் செலவும் ஏறியிருக்கும், அலுவலகச் செலவு ஏறியிருக்காது. அதனால்தான் இந்தச் சரிப்படுத்தலை இந்த இடத்தில் செய்கிறோம்.

படி 3: உற்பத்திக் கிரயம்

கணக்கெழுதுபவரின் சம்பளம் 25,000, தொலைபேசியும் எழுதுபொருளும் 7,000, மேலே ஒதுக்கிய வாடகை 10,000. நிர்வாகச் செலவு 42,000. உற்பத்திக் கிரயம் 930,000. 600ஆல் வகுத்தால் ஒரு சாரன் 1,550 ரூபா.

நான் முதன்முதலில் ஒரு கிரயத்தாள் தயாரித்தபோது வங்கிக் கடன் வட்டியையும், முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்த பற்றையும் இந்த இடத்தில் அழகாகச் சேர்த்துவிட்டேன். அந்த முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என்ட மகள்ட சீதனத்தையும் சாரன்லயா ஏத்தினீங்க?" என்று கேட்டார். கடன் வட்டி, வருமான வரி, பற்று, நன்கொடை எதுவும் கிரயத்தாளில் வராது. புதுத் தறி வாங்கிய பணமும் வராது. அந்தத் தறியின் தேய்வு மட்டும் படி 2இல் வரும்.

படி 4: விற்பனைக் கிரயம்

இதுவரை நெய்த 600இன் கணக்கு. இனி விற்ற 560இன் கணக்கு. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குவது.

போன மாதத்து மிச்சம் 40 சாரன், அப்போதைய கிரயம் ஒன்று 1,500, ஆக 60,000. இந்த மாத முடிவில் மிச்சம் 80. பழையது முதலில் விற்றுப்போனது என்று கொண்டால், இந்த 80ம் இந்த மாதம் நெய்தவை. எனவே 80 × 1,550 = 124,000. விற்பனை விலையால் பெருக்காதீர்கள். விற்பனைச் செலவையும் ஏற்றாதீர்கள், அலுமாரியில் கிடக்கும் சாரனுக்கு யாரும் விற்பனைச் செலவு செய்யவில்லை.

930,000 + 60,000 − 124,000 = 866,000. விற்ற சாரன்களின் கிரயம் இது.

இதன்மேல் பொதி உறை 11,200, கொழும்புக் கடைகளுக்கு அனுப்பிய லொறி 10,800, மட்டக்களப்பில் விற்றுக் கொடுத்தவரின் தரகு 8,000. மொத்தம் 30,000. நூல் கொண்டுவந்த லொறி படி 1இல், சாரன் கொண்டுபோன லொறி படி 4இல். இரண்டும் ஒரே ஆளின் லொறியாக, ஒரே பில்லில் வந்தாலும் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

விற்பனைக் கிரயம் 896,000. இதை 560ஆல் வகுக்க வேண்டும், 1,600 வரும். ஒன்று 1,850க்கு விற்றால் வருமானம் 1,036,000, இலாபம் 140,000, சாரனுக்கு 250.

தாள் இப்படி நிற்கும்:

| விபரம் | ரூபா |
|---|---:|
| பாவித்த நூல், சாயம் | 420,000 |
| நெசவுக் கூலி | 360,000 |
| வடிவமைப்புக் கட்டணம் | 12,000 |
| முதன்மைக் கிரயம் | 792,000 |
| தொழிற்சாலை மேந்தலை (கழிவு விற்பனை நீக்கி) | 108,000 |
| தொடக்க அரைகுறை வேலை | 24,000 |
| இறுதி அரைகுறை வேலை | (36,000) |
| தொழிற்சாலைக் கிரயம் | 888,000 |
| நிர்வாக மேந்தலை | 42,000 |
| உற்பத்திக் கிரயம் | 930,000 |
| தொடக்கச் சாரன் இருப்பு (40) | 60,000 |
| இறுதிச் சாரன் இருப்பு (80) | (124,000) |
| விற்ற சாரன்களின் கிரயம் | 866,000 |
| விற்பனை, விநியோக மேந்தலை | 30,000 |
| விற்பனைக் கிரயம் | 896,000 |

சரியா என்று பார்க்க முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்: 40 + 600 − 80 = 560. இது பொருந்தாவிட்டால் ரூபாவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அலுமாரியில் சாரனை எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த 1,550இல் அலுவலகச் செலவு 70 ரூபா இருக்கிறது. பாடசாலைக் கணக்கிலும் விலை நிர்ணயிக்கவும் அது சரி. ஆனால் ஆண்டிறுதி நிதிக்கூற்றில் இருப்பை மதிப்பிடும்போது, இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இப்படிப்பட்ட பொது நிர்வாகச் செலவை இருப்பில் ஏற்ற விடாது. அங்கே 80 சாரனும் 1,480 படி 118,400தான், 5,600 குறையும். கணக்காய்வாளர் கேட்கும் முன் இந்த வித்தியாசத்தைத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், அடுத்த மாதத் தாளைத் திறந்ததும் நூல் 72,000, தறியில் நிற்பது 36,000, சாரன் 124,000 என்று தொடக்க இருப்புகளை முதலில் நிரப்புங்கள். போன மாதம் தராத கூலி 15,000ஐ இந்த மாதம் கொடுக்கும்போது, அதை இந்த மாதக் கூலியிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம்.