எவர்சில்வர் பாத்திரத்தில் கேமரா தெரியாமல் படம் எடுக்க

வளைந்த எவர்சில்வர் பாத்திரம் எதிரே இருக்கும் அறை முழுவதையும் காட்டும். போலரைசர் ஃபில்டர் இங்கே கைகொடுக்காது. உலோகத்தின் பிரதிபலிப்பை அது பெரிதாகக் குறைப்பதில்லை. பாத்திரம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதுதான் வழி.

ஒரு குழம்புச் சட்டி என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கும் சட்டிக்கும் நடுவே, சட்டியைவிடப் பல மடங்கு பெரிய டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல். முன்னால் ஒரு வெள்ளை அட்டை. அதில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை. 100 மி.மீ. லென்ஸோடு தள்ளி நின்றால் அந்த ஓட்டை சிறு கரும்புள்ளியாகச் சுருங்கிவிடும். அதை எடிட்டிங்கில் அழிப்பது சுலபம்.

எல்லாமே வெள்ளையானால் சட்டி தட்டையாகத் தெரியும், விளிம்பும் பின்னணியில் கரைந்துவிடும். அப்போது இரு பக்கமும், ஃபிரேமுக்கு வெளியே, ஒல்லியான கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினாலே விளிம்புக்கோடு மாறும், எனவே கேமரா திரையைப் பார்த்தபடி நகர்த்துங்கள்.

கைரேகைக்கு: சோப்பால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால், உலோகத்தின் கோடுகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். அப்புறம் பருத்திக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மிச்சமிருக்கும் ரேகை தெரிந்துவிடும்.