பாஸ் மார்க் 35 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100-க்கு 35 எடுத்தால் பாஸ். அந்தப் பழக்கத்தில் பள்ளிக்குள் நாமே நடத்தும் தேர்வுகளுக்கும் 35 சதவீதத்தை அப்படியே வைத்துவிடுகிறோம். தர்மபுரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போது அடிப்படைக் கணிதத் தேர்வு வைப்பதாகக் கொள்வோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 20. தேறாதவர்களுக்கு மாலை வகுப்பு. 35 சதவீதம் என்றால் 7 மார்க். வினாவையே படிக்காமல் குத்துமதிப்பாக விடை போட்டாலும் 100 பேரில் சுமார் 21 பேர் 7 மார்க்கைத் தொட்டுவிடுவார்கள். மாலை வகுப்பு அவசியம் தேவைப்படும் பிள்ளைகளே இப்படிப் பாஸாகிவிடுகிறார்கள்.

வினாத்தாளைப் பார்த்துத்தான் பாஸ் மார்க்கை முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஆங்காஃப் முறை என்று பெயர்; 1971-இல் வந்தது. பாடம் நடத்தும் ஐந்தாறு ஆசிரியர்கள் உட்கார்ந்து, மயிரிழையில் தேறக்கூடிய பிள்ளையை மனதில் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட 100 பேரில் எத்தனை பேர் இந்த வினாவுக்குச் சரியாக விடை போடுவார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் சறுக்குகிறோம். வகுப்பின் சராசரிப் பிள்ளையை நினைத்துக்கொள்வது ஒன்று. ‘இதுகூடத் தெரிந்திருக்க வேண்டாமா?’ என்று எழுதுவது இன்னொன்று. தெரிந்திருக்க வேண்டுமா என்பதல்ல, போடுவார்களா என்பதே கேள்வி.

ஒரு வினா: தக்காளிப் பெட்டியை 400 ரூபாய்க்கு வாங்கி 460 ரூபாய்க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்? ஐந்து ஆசிரியர்கள் 60, 65, 55, 70, 30 என எழுதுகிறார்கள். உடனே சராசரி போட்டு 56 என்று முடித்துவிடாதீர்கள். 30 போட்டவரிடம் காரணம் கேளுங்கள். ‘விற்ற விலையால் வகுக்கிற பிள்ளைகளுக்கு 13 வரும். விடைகளில் 13-உம் இருக்கிறதே’ என்கிறார். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. மறுபடி எழுதும்போது 45, 50, 45, 50, 40, சராசரி 46. அதாவது இந்த வினாவின் பங்கு 0.46 மார்க்.

இப்படி 20 வினாக்களையும் கூட்டினால் 11.3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 11-ஆ, 12-ஆ? தவறாகத் தேறாமல் போகும் பிள்ளைக்குச் சில மாலைகள் மட்டுமே கூடுதலாகும். தவறாகத் தேறிய பிள்ளைக்கோ அந்த ஆண்டு முழுவதும் கணக்கு புரியாது. ஆகவே இங்கே 12 சரி. வேறு தேர்வில், தேறாவிட்டால் பெரிய வாய்ப்பே போய்விடும் என்றால் 11-க்கு இறங்கலாம். எதுவானாலும் விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். மார்க்கைப் பார்த்த பிறகு தேர்ச்சி விழுக்காட்டுக்காகக் குறைத்தால், இவ்வளவு நேரம் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு அர்த்தமில்லை.

திருத்தும்போது தக்காளி வினாவின் விடைகள் தவறாக அச்சாகியிருப்பது தெரிந்தால் வினாவை நீக்கிவிட்டு, பழைய 12-ஐயே வைத்துக்கொள்வது அநியாயம். 11.3-இலிருந்து அதன் 0.46-ஐயும் கழியுங்கள். 10.84 வரும், அப்போது 19-க்கு 11 பாஸ் மார்க்.