800 மீட்டர் ஓட்டத்தில் வேகத்தை அளந்து ஓடக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

800 மீட்டர் ஓடச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் முதல் 200 மீட்டரை முழு வேகத்தில் ஓடிவிட்டு, பாதி வழியில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். “மெதுவா ஆரம்பி” என்று ஓரத்தில் நின்று கத்துவதால் இது மாறாது. ஓடத் தொடங்கிய முதல் அரை நிமிடத்துக்குத் தசைகள் தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன. மூச்சு ஏறச் சற்று நேரமாகும். அதனால் தொடக்கத்தில் எந்த வேகமும் சுலபமாகத்தான் தெரியும். குழந்தை சொன்னதைக் கேட்காமல் ஓடவில்லை, அதற்கு உண்மையிலேயே அது மெதுவாகத்தான் தோன்றுகிறது.

200 மீட்டர் சுற்று ஒன்றை அமைத்து, 50 மீட்டருக்கு ஒரு கோன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி 800 மீட்டரை 3 நிமிடம் 40 விநாடியில் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுற்றுகளின் நேரம் 46, 54, 62, 58 விநாடிகள். சராசரி 55. முதல் சுற்றில் 9 விநாடி மிச்சம் பிடித்தவள், மூன்றாவது சுற்றில் மட்டுமே 7 விநாடியை இழந்துவிட்டாள். இந்த நான்கு எண்களை எழுதிக் காட்டினாலே அவளுக்குப் பாதி புரிந்துவிடும். மொத்த நேரத்தை மட்டும் குறித்துக்கொடுப்பது பல வகுப்புகளில் நடக்கும் தவறு. அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

அடுத்தது, ஸ்டாப்வாட்சை முதலில் காட்டிவிடுவது. ஒரு சுற்றை 55 விநாடியில் ஓடச் சொல்லுங்கள். முடித்து வந்ததும் “எத்தனை விநாடி ஆகியிருக்கும்?” என்று கேளுங்கள். அவள் ஓர் எண்ணைச் சொன்ன பிறகே உண்மையான நேரத்தைச் சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவள் உடம்பைக் கவனிக்கவே மாட்டாள், அடுத்த முறையும் நம் வாயைத்தான் பார்ப்பாள். யார் வேகமாக ஓடினார்கள் என்று பாராட்டுவதும் இந்த வகுப்பைக் கெடுக்கும். யாருடைய ஊகம் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பதுதான் இங்கே போட்டி.

வேகம் பிடிபடாதவர்களுக்கு 14 விநாடிக்கு ஒரு முறை விசில் ஊதுங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் அடுத்த கோனில் இருக்க வேண்டும். அப்படி ஓடினால் சுற்றுக்கு 56 விநாடி. சில சுற்றுகளுக்குப் பிறகு 100 மீட்டருக்கு ஒரு விசில் போதும், பிறகு அதுவும் வேண்டாம். விசிலை நிறுத்தாமலே விட்டுவிடுவதும் தவறுதான். குழந்தை சத்தத்துக்கு ஓடப் பழகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “கடைசி வரை ஒரே சிரமத்தில் ஓடு” என்று சொல்வது. கேட்கச் சரியாக இருக்கும், ஆனால் களைப்பு ஏற ஏற அதே சிரமத்துக்குக் கிடைக்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். வேகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் சிரமம் கூடியே ஆக வேண்டும். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் முதல் சுற்று 5, இரண்டாவது 6, மூன்றாவது 8, நான்காவது 9 என்ற மாதிரி வரும். சொல்லிப் புரியவைப்பதைவிட உணரவைப்பது சுலபம். முதலில் சுற்றுக்குச் சுற்று 3 நிமிட ஓய்வு கொடுத்து 55 விநாடியில் ஓடவிடுங்கள். அப்புறம் ஓய்வை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். அதே 55 விநாடி இப்போது எவ்வளவு கூடுதலாக வாங்குகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். 800 மீட்டரில் மூன்றாவது சுற்று ஏன் விழுகிறது என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

அந்த எண்களுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். முழு வாக்கியம் பேச முடிந்தால் 3, மூன்று நான்கு சொற்கள்தான் வந்தால் 6, ஒரு சொல்லே கஷ்டமானால் 9. ஆனால் இந்த அளவுகோல் முதல் சுற்றில் பொய் சொல்லும், மூச்சு இன்னும் பின்தங்கியிருக்கிறதே! அங்கே மட்டும் “இன்னும் வேகமாகப் போகலாம் போலிருக்கிறது, ஆனால் போகமாட்டேன்” என்ற உணர்வைத் தேடச் சொல்லுங்கள்.

எல்லோரையும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாக அனுப்பாதீர்கள். அனுப்பினால், வேகமான ஒருவனின் முதுகைப் பார்த்தே மற்றவர்கள் ஓடுவார்கள். 10 விநாடி இடைவெளி விட்டு, ஒருவர் ஓட ஜோடி நேரம் குறிக்கட்டும். இலக்கு நேரமும் ஆளுக்கு ஆள் வேறு.

சுற்றுகள் துல்லியமாகச் சமமாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91 என்று உலக சாதனை படைத்தபோதும் இரண்டாவது 400 மீட்டர் முதலாவதைவிட 2 விநாடிக்குச் சற்றே கூடுதலாகத்தான் எடுத்தது. நம் மாணவிக்கு 53, 55, 57, 54 என்று வந்தால் போதும். மொத்தம் 3 நிமிடம் 39 விநாடி. நேரத்தில் ஒரு விநாடிதான் மிச்சம், ஆனால் மூன்றாவது சுற்றில் அவள் நடக்கவில்லை. ஊகம் தொடர்ந்து 2 விநாடிக்குள் வரத் தொடங்கியதும் இலக்கை 54 ஆக்கலாம்.