இரவில் பைப் உடைந்தால் வாடகைக்கு இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் புதிதாக வாடகைக்கு வந்த தம்பி ஒருவர் நடுராத்திரியில் பிளம்பரைக் கூப்பிட்டு 6,500 ரூபாய் கொடுத்துவிட்டு, ஓனர் தர மறுக்கிறார் என்று வந்து நின்றார். வேளச்சேரியில் குடியிருந்த காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். வாளி வைப்பது, துணி போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வால்வு எங்கே என்று தெரியாமல் குடியிருப்பது

அடுக்குமாடியில் பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் தனி வால்வு இருக்கும். குடிவந்த வாரமே மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பகலில் ஒரு முறை உங்கள் வால்வை மூடித் திறந்து பாருங்கள். பழைய பித்தளை கேட் வால்வு வருஷக்கணக்கில் தொடாமல் இருந்தால் இறுகிப்போயிருக்கும், அது தெரிந்துகொள்ளும் நேரம் இரவு பன்னிரண்டு மணியாக இருக்கக் கூடாது. மூடிய பிறகும் லைனில் நிற்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் வடிந்துவிடும்.

ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடுவது

வேண்டாம். காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள்.

ராத்திரியே முழு வேலையையும் முடிக்க நினைப்பது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. வேளச்சேரி வீட்டில் அன்றைக்கு இரவு 11.40 இருக்கும், குளியலறைச் சுவருக்குள் பைப் வளைவில் இருக்கும் எல்போ விரிசல் விட்டு டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் பீறிட்டது. பதற்றத்தில் கிடைத்த பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஆறு டைல்ஸை உடைத்து, லைனையே மாற்றி, மூன்று மணிக்கு 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, உடைந்த துண்டையும் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனார். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘பாத்ரூம் வேலை 7,800’ என்று ஒரே வரி.

மறுநாள் ஓனர் கேட்டது மூன்றே கேள்வி: எதற்காக உடைந்தது, எந்த இடத்தில், ஏன் என் ஆளைக் கூப்பிடவில்லை? குழாயை நீங்கள் முறுக்கியதில் உடைந்திருக்கும் என்றார். இல்லை என்று காட்ட என்னிடம் துண்டும் இல்லை, படமும் இல்லை. கடைசியில் 3,000 வந்தது.

இரவில் உங்கள் வேலை தண்ணீரை நிறுத்துவது மட்டும். வால்வு மூடியாகிவிட்டதா, காலைக்கு இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு படுத்துவிடலாம். வால்வு அசையவே இல்லை, தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்குகிறது என்றால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். அப்போதும் ‘அண்ணே, இப்போதைக்கு அடைத்துவிடுங்கள் போதும்’ என்று சொல்லுங்கள். உடைந்த முனையில் எண்டு கேப் போட்டு நிறுத்துவது சின்ன வேலை.

ஓனருக்குப் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் அப்போதே வாட்ஸ்அப்பில் வீடியோவோடு இப்படி அனுப்புங்கள்: ‘சார், 11.40-க்குக் குளியலறைச் சுவருக்குள் பைப் உடைந்துவிட்டது. மாடி வால்வை மூடிவிட்டேன். காலை 10 மணிக்குள் உங்கள் ஆளை அனுப்ப முடியுமா? முடியாவிட்டால் நான் ஆள் வைத்து, செலவு எவ்வளவு என்று உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.’ உடைந்த துண்டை ஒரு கவரில் போட்டு வையுங்கள். பில்லில் வந்துபோன கூலி, சாமான், வேலைக் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், எதற்கு எவ்வளவு என்று தெரிந்தால் மொத்தத்தையும் மறுப்பது ஓனருக்கு எளிதல்ல.

எல்லாமே ஓனர் செலவு என்று நினைப்பது

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் டேப், வாஷர், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர் நம் பொறுப்பு. நம் கையால் உடைந்ததும் நம் தலையில்தான். உங்கள் ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

சொல்லாமல் வாடகையில் கழிப்பது

ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் போன் எடுக்காததை மறுத்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது. கேட்டதற்கும், நேரம் கொடுத்ததற்கும், அவர் முடியாது என்றதற்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். அப்புறம், கழிக்கும் மாதம் வாடகை அனுப்பும்போதே ‘வாடகை 15,000, பைப் வேலை 2,650 போக 12,350’ என்று ஒரு வரி எழுதி, பில் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது வாடகை பாக்கியாகத்தான் அவர் கணக்கில் நிற்கும்.