ஃபோன் கடிகாரம் ஒரு மணி நேரம் தாவுவது ஏன்?

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணியானதும் ஃபோன் 2 மணி காட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு 2 மணியானதும் 1-க்குத் திரும்பும். இது கோளாறு அன்று. ஃபோன் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தையே எண்ணுகிறது. லண்டன் நேர மண்டல விதிப்படி கோடையில் மட்டும் ஒரு மணி கூட்டிக் காட்டுகிறது.

நேர மண்டலத்தை நீங்களே தேர்ந்தெடுப்பதானால் 'லண்டன்' என்றே வையுங்கள். வெறும் GMT என்று வைத்தால் கோடை முழுவதும் ஒரு மணி பின்தங்கியே இருக்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இம்மாற்றம் இல்லை. ஆனாலும் லண்டன் மகள் அங்கே பிற்பகல் 2 மணிக்கு அழைத்தால், சென்னையில் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம், காத்திருப்பார்.